ஜெனரேட்டரை எங்கே நிறுத்துவது, எப்படி இணைப்பது

வீட்டுக்கோ சிறு கடைக்கோ ஜெனரேட்டர் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது எத்தனை கே.வி.ஏ. வேண்டும் என்பதையும் அதன் விலையையும்தான். இந்த இரண்டுக்கும் விற்பவரே விடை சொல்லிவிடுவார். ஆனால் அதை எந்த இடத்தில் நிறுத்துவது, புகை எந்த வழியாகப் போவது, சூட்டை எந்தக் காற்று எடுத்துச் செல்வது, அதன் மின்சாரம் எந்தக் கம்பிகளுக்குள் மட்டும் ஓடவேண்டும் என்பவை பெரும்பாலும் வாங்கியவரின் தலையிலேயே விழுகின்றன. உரிமம் பெற்ற மின் பணியாளனாக நான் சரிசெய்யப் போன கோளாறுகளில் பெரும்பாலானவை இயந்திரத்தின் கோளாறுகள் அல்ல, அதை நிறுத்தியதில் நேர்ந்த கோளாறுகள். அதனால் சங்கரன்கோவில் வட்டாரத்தில் நான் வேலை பார்த்த ஒரு கடையை எடுத்துக்கொண்டு, அந்த ஒரே இடத்தை வைத்தே இவற்றை விளக்குகிறேன்.

கடை வடக்குப் பார்த்தது. கீழே பேக்கரி, மேலே உரிமையாளரின் வீடு. கடைக்குப் பின்னால் கிழக்கு மேற்காக 5 மீட்டரும் தெற்கு வடக்காக 3 மீட்டரும் உள்ள ஒரு கொல்லை உண்டு. கொல்லையின் மேற்கே தாழ்வான சுற்றுச்சுவர், அதற்கு அப்பால் வெற்றுமனை. கிழக்கே அடுத்த வீட்டோடு சேர்ந்த பொதுச்சுவர், அதில் சன்னல் ஏதும் இல்லை. கடையில் இரண்டு டீப் பிரீசர்கள், கேக் வைக்கும் குளிர்பெட்டி, விளக்கு, விசிறி, பில் மெஷின் ஆகியவையும், மாடியில் பிரிட்ஜ், விளக்கு, விசிறி ஆகியவையும் சேர்ந்து ஓடும்போது ஏறத்தாழ 2.6 கிலோவாட் ஆயிற்று. வாங்கியது 7.5 கே.வி.ஏ. டீசல் ஜெனரேட்டர், அது தரக்கூடியது 6 கிலோவாட். பாதிக்கும் குறைவான சுமைக்கு இது அதிகம் என்று தோன்றலாம். ஆனால் பிரீசரின் கம்ப்ரசர் ஓடத் தொடங்கும் நொடியில் தன் வழக்கமான மின்னோட்டத்தைப்போலப் பல மடங்கு இழுக்கும், இரண்டு மூன்று கம்ப்ரசர்கள் ஒன்றாகத் தொடங்கினால் சிறிய செட் திணறும். அதற்காக 15 கே.வி.ஏ. வாங்குவதும் தவறே, டீசல் என்ஜின் தன் திறனில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழான சுமையில் நெடுநேரம் ஓடினால் சூடு போதாமல் எண்ணெய் முழுதாக எரியாது, கரி படியும், சைலன்சர் வாயில் கருத்த எண்ணெய் கசியும்.

உரிமையாளர் முதலில் காட்டிய இடம் மாடிப்படிக்குக் கீழே இருந்த மூலை. "கொல்லையில வச்சா மழையில நனையும், களவு பயமும் இருக்குல்லா? இங்கன்னா கண்ணுக்கு முன்னாலயே கிடக்கும்," என்றார். அவர் சொன்ன இரண்டு காரணங்களும் நியாயமானவையே. ஆனாலும் என்ஜின் எதையும் கூரைக்குக் கீழே, ஆள் புழங்கும் கட்டடத்துக்குள் வைக்கக்கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் ஒட்டிக்கொள்ளும். காற்றில் சிறிதளவு கலந்திருந்தாலும், நேரம் ஆக ஆக உடலுக்குள் அது சேர்ந்துகொண்டே போகும். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு ஊரில் ஒரு கடையில் படிக்கட்டுக்கு அடியில் சிறிய பெட்ரோல் ஜெனரேட்டரை வைத்திருந்தார்கள். மழை அடித்த ஒரு மாலையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே இருந்திருக்கிறார்கள். அரைமணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தலைவலி, வேலைக்கு நின்ற பையன்கள் இருவருக்கும் வாந்தி; மத்தியானம் சாப்பிட்ட சாப்பாட்டைக் குறை சொன்னார்கள். வெளியே வந்து நின்றதும் தெளிந்தது, உள்ளே போனதும் திரும்பியது. காய்ச்சல் இல்லாமல் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருப்பவர்களுக்குத் தலைவலியும் குமட்டலும் வந்து, வெளிக்காற்றில் குறைந்தால், உணவைச் சந்தேகிக்குமுன் என்ஜினை நிறுத்த வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை ஜெனரேட்டர் உள்ள பக்கத்துப் படுக்கையறையில் மாட்டுவது நல்லது. ஆனால் அது புகைக்குழாய்க்கு மாற்றாகாது.

ஆகவே கொல்லைதான் என்று முடிவாயிற்று. கொல்லைக்குள் எந்தத் திசையில் நிறுத்துவது என்பதைக் காற்றுதான் தீர்மானித்தது. இந்தச் சீமையில் ஆனி முதல் ஆவணி வரை செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று தென்காசி, சுரண்டை, சங்கரன்கோவில் பக்கமெல்லாம் விடாமல் அடிக்கும். என்ஜின் தன் சூட்டை ஒரு பக்கமாக ஊதி வெளியே தள்ளுகிறது. அந்தப் பக்கம் மேற்குப் பார்த்து இருந்தால், எதிர்க்காற்று அதைத் திருப்பி உள்ளேயே தள்ளும், என்ஜின் தான் கழித்த சூட்டையே மீண்டும் உறிஞ்சும்.

அந்தச் சூடு எவ்வளவு என்று ஒருமுறை கணக்குப் பார்த்துவிடலாம். 2.6 கிலோவாட் சுமையில் இந்த செட் மணிக்கு ஏறத்தாழ 1.3 லிட்டர் டீசல் குடிக்கும். ஒரு லிட்டர் டீசலில் உள்ள ஆற்றல் ஏறத்தாழ 10 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஆக உள்ளே போவது 13 யூனிட், மின்சாரமாக வெளிவருவது 2.6 யூனிட், மீதி 10 யூனிட்டுக்கு மேல் சூடாகவே போகிறது. அதில் பத்தில் மூன்று பங்குபோலப் புகைக்குழாய் வழியே போனாலும், ஏழு கிலோவாட் அளவு சூடு செட்டைச் சுற்றியுள்ள காற்றில்தான் கலக்கும். ஏழு இஸ்திரிப்பெட்டிகளை ஒரு சிறிய இடத்தில் அணைக்காமல் வைத்திருப்பது போன்றது இது.

அந்தச் சூட்டை எடுத்துச் செல்லும் காற்று வெளியே போகும்போது உள்ளே வந்ததைவிட 10 டிகிரிக்கு மேல் சூடேறாமல் இருக்கவேண்டும் என்று வைத்துக்கொண்டால், வினாடிக்கு ஏறத்தாழ 0.6 கனமீட்டர் காற்று வேண்டும். 3 மீட்டருக்கு 2.5 மீட்டர் அளவில், 3 மீட்டர் உயரமான அறையில் இதை வைத்தால், அறையின் காற்று முழுவதும் நாற்பது வினாடிக்கு ஒருமுறை மாறியாக வேண்டும். சன்னல் ஒன்றைத் திறந்துவைப்பதால் இது நடக்காது. தனி ஷெட் போட்டே தீரவேண்டிய இடங்களில், காற்று நுழையும் பக்கத்தில் தாழ்வாக ஒரு திறப்பும், எதிர்ப்பக்கத்தில் வெளியேறும் திறப்பும் விட வேண்டும். ஒவ்வொன்றிலும் காற்றுக்கு உண்மையாகத் திறந்திருக்கும் பரப்பு கால் சதுர மீட்டராவது இருக்கவேண்டும். சாய்தகடு வைத்த கிரில் தன் பரப்பில் பாதியை அடைத்துக்கொள்ளும் என்பதால், பார்வைக்கு அது 70 சென்டிமீட்டர் சதுரமான திறப்பாக இருக்கும். பலர் இதில் பாதி அளவு விட்டு, அதன்மேல் கொசுவலையும் அடித்துவிடுகிறார்கள்.

எங்கள் கொல்லையில் ஷெட் இல்லை. இப்போது வரும் செட்டுகள் ஒலியை அடக்கும் இரும்புக் கூட்டோடு வருகின்றன. அந்தக் கூடே மழையைத் தாங்கும். செட்டின் நீளம் 1.6 மீட்டர். மேற்குச் சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி, காற்றை உறிஞ்சும் பக்கம் மேற்குப் பார்க்கும்படியும், சூட்டை ஊதும் பக்கம் கிழக்குப் பார்க்கும்படியும் நிறுத்தினோம். கிழக்கே பொதுச்சுவர் வரை 2.4 மீட்டர் இடம் கிடைத்தது. மேற்குச் சுற்றுச்சுவரில் செட்டுக்கு நேரே இருந்த பகுதியை உடைத்து, ஓட்டைக்கல் வைத்துக் கட்டினோம். கிழக்குப் பக்கம் ஊதும் சூடு பக்கத்து வீட்டுச் சுவரில் மோதிச் சுழலாமல் மேலே திரும்பும்படி, வளைந்த தகடு ஒன்றைத் தாங்கியில் நிறுத்தினோம். ஐப்பசி, கார்த்திகையில் காற்று வடகிழக்கிலிருந்து வரும்தான். ஆனால் அது மேல்காற்றைப்போல நாள்முழுக்கத் தள்ளுவதில்லை, அப்போது வெயிலும் குறைவு. ஆகவே திசையைத் தேர்ந்தெடுக்கும்போது மேல்காற்றுக்கே முதலிடம் கொடுத்தேன். இது சரியாக அமைந்ததா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. செட் சுமையோடு அரைமணி ஓடிய பிறகு, காற்று நுழையும் வாயில் ஒரு வெப்பமானியையும் தெருவில் நிழலில் ஒன்றையும் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் 5 டிகிரிக்கு மேல் வேறுபாடு இருந்தால் சூடு சுற்றித் திரும்பி வருகிறது என்று பொருள்.

அடுத்தது மேடை. செட் ஆடாமல் இருக்கக் கனமான கான்கிரீட் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கூட்டோடு வரும் சிறிய செட்டுகளில் என்ஜினுக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவே ரப்பர் தாங்கிகள் ஏற்கெனவே இருக்கும், அதிர்வின் பெரும்பகுதியை அவை வாங்கிக்கொள்ளும். ஆகவே மேடையின் வேலை அதிர்வை அடக்குவதைவிட, செட்டை மட்டமாகவும் மழைநீருக்கு மேலாகவும் பிடித்துவைப்பதுதான். மட்டம் கெட்டால் ரப்பர் தாங்கிகளில் ஒரு மூலைக்கு மட்டும் சுமை ஏறி அது சீக்கிரம் கிழியும்.

கரிசல் மண்ணில் அந்த மட்டத்தைக் காப்பாற்றுவதுதான் கடினம். கரிசல் மழையில் உப்பும், கோடையில் சுருங்கிக் கை நுழையும் அளவு வெடிக்கும். மேலே மட்டும் சிமெண்ட் போட்ட மேடை இரண்டு மழைக்காலத்துக்குள் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். எங்கள் கொல்லையில் கரிசலை 75 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டி எடுத்துவிட்டு, சரள் மண்ணை 15 சென்டிமீட்டர் அடுக்குகளாகக் கொட்டி, ஒவ்வோர் அடுக்கையும் நனைத்து இடித்துக்கொண்டே நிரப்பினோம். தேரிக்காட்டுப் பக்கமும் செவல் மண் உள்ள ஊர்களிலும் இவ்வளவு வெட்டத் தேவையில்லை, மேல்மண்ணைச் சுரண்டி இடித்தாலே போதும். அதன்மேல் ஒரு பங்கு சிமெண்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி என்ற கலவையில், கம்பி வலை வைத்து, செட்டின் அடிச்சட்டத்தைவிட எல்லாப் பக்கமும் 15 சென்டிமீட்டர் கூடுதலாக மேடை போட்டோம்.

தரைக்கு மேலே தெரியும் உயரம் 15 சென்டிமீட்டர் போதும் என்பது வழக்கம். கொல்லையில் மழைக்காலத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்பதாக வீட்டம்மா சொன்னதால் 30 சென்டிமீட்டராக உயர்த்தினோம். தாமிரபரணிக் கரை ஊர்களில் இதைவிடக் கவனம் வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தபோது, திருநெல்வேலி சந்திப்புப் பகுதியில் கடைகளுக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. சிறிய செட்டுகள் பலவற்றில் டீசல் தொட்டி அடிச்சட்டத்துக்குள்ளேயே இருக்கும், மின்சாரம் உற்பத்தி செய்யும் ஆல்டர்னேட்டரும் தாழ்வாகவே இருக்கும். அந்த வெள்ளத்தின் தடம் உங்கள் சுவரில் எவ்வளவு உயரத்தில் பதிந்ததோ, அதற்குமேல் மேடை அமைய வேண்டும். அது முடியாத உயரமென்றால் வேறு இடம் தேட வேண்டும். கான்கிரீட் ஊற்றுமுன் கேபிளுக்கும் எர்த் பட்டைக்கும் குழாய்களைப் புதைத்துவிடச் சொல்லுங்கள், பிறகு உடைப்பது வீண்வேலை. ஊற்றிய பின் ஒரு வாரமாவது நனைத்து, பத்து நாளுக்குப் பிறகே செட்டை ஏற்றி, ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும்.

இனிப் புகைக்குழாய். செட்டோடு வரும் குட்டைக் குழாயை அப்படியே விட்டுவிடுவதுதான் நான் அதிகம் காணும் தவறு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குழாயின் உயரத்துக்கு ஓர் எளிய சூத்திரம் தந்திருக்கிறது.

H = h + 0.2 × √kVA

இதில் h என்பது செட் நிற்கும் கட்டடத்தின் உயரம், H என்பது தரையிலிருந்து குழாயின் நுனி இருக்கவேண்டிய உயரம், இரண்டும் மீட்டரில். எங்கள் கடையும் மாடியும் கைப்பிடிச் சுவரோடு சேர்ந்து 7 மீட்டர். 7.5இன் வர்க்கமூலம் 2.74, அதை 0.2ஆல் பெருக்கினால் 0.55. ஆகவே குழாயின் நுனி 7.55 மீட்டரில் நிற்கவேண்டும். இவ்வளவு உயரம் எதற்கு என்று கேட்கலாம். மேல்காற்று ஒரு கட்டடத்தைத் தாண்டும்போது அதன் மறுபக்கத்தில், அதாவது கிழக்குப் பக்கத்தில், காற்று கீழ்நோக்கிச் சுழலும். சுவரின் நடுவில் முடியும் குழாயிலிருந்து வரும் புகை அந்தச் சுழலில் சிக்கி, கிழக்கே உள்ள சன்னல்களுக்குள் இறங்கும். மாடியைத் தாண்டிய நுனியிலிருந்து வரும் புகையைக் காற்று கொண்டுபோய்விடும். தண்ணீர்த் தொட்டியிலிருந்தும் துணி காயப்போடும் கொடியிலிருந்தும் நுனி தள்ளியிருக்கட்டும்.

உயரம் கூடக்கூட வேறொரு சிக்கல் வருகிறது. நீண்ட குழாயும் திருப்பங்களும் புகைக்குத் தடையாகி, என்ஜின் தன் புகையைத் தள்ளுவதற்கே சக்தியைச் செலவிட நேரும். அதன் அடையாளங்கள் சுமை ஏற்றினால் கரும்புகை, வழக்கத்தைவிட அதிகச் சூடு, வோல்டேஜ் தொய்வு ஆகியவை. எங்கள் செட்டின் புகைவாய் 40 மில்லிமீட்டர், மேலே போன குழாயை 50 மில்லிமீட்டராக எடுத்தோம். மொத்தம் மூன்று திருப்பங்கள், மூன்றும் நீண்ட வளைவுகள், செங்கோணமாக வெட்டி ஒட்டியவை அல்ல. செட்டின் வாய்க்கும் குழாய்க்கும் நடுவே நெளியும் எஃகுத் துண்டு ஒன்று கட்டாயம் இருக்கவேண்டும். ரப்பர் தாங்கியின் மேல் ஆடும் என்ஜினை அசையாத குழாயோடு நேராக இணைத்தால் சில மாதங்களில் வெல்டிங் விரியும், விரிந்த இடத்தில் புகை கசியும். குழாய்க்குள் புகை 400 டிகிரிக்கும் மேல் போகலாம் என்பதால், கை எட்டும் உயரம் வரை கல்கம்பளி சுற்றி அலுமினியத் தகடு போர்த்தினோம்.

குழாயின் நுனியில் மழை புகாமல் காக்க வேண்டும். அங்கே வழக்கமாகக் கூம்புத் தொப்பி வைக்கிறார்கள். அது புகையைக் கீழே திருப்பும், தடையையும் கூட்டும். நுனியைச் சாய்வாக வெட்டிக் கிழக்கே திருப்பினால் சாரலுக்கு நல்லது, ஆனால் கார்த்திகை மழை கிழக்கிலிருந்து வந்து நேராக உள்ளே இறங்கும். ஆகவே புகையின் அழுத்தத்தில் தானே திறந்து, நின்றதும் தானே மூடும் கீல்மூடியே இந்த ஊருக்குப் பொருந்தும். அப்படியும் சிறிது ஈரம் சேரும் என்பதால், குழாயின் மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு வடிகால் திருகை வைத்து மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை திறந்துவிட வேண்டும். தண்ணீர் என்ஜினுக்குள் இறங்கிவிட்டால் பிஸ்டன் அதை அமுக்க முடியாது, ஸ்டார்ட் செய்யும் நொடியிலேயே கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

இப்போது சேஞ்ச்ஓவர் சுவிட்ச். இது மின்வாரிய மின்சாரம், ஜெனரேட்டர் மின்சாரம் இரண்டில் ஒன்றை மட்டுமே வீட்டுக்குள் விடும் சுவிட்ச். கைப்பிடிக்கு மூன்று நிலைகள்: ஒரு புறம் மின்வாரியம், மறு புறம் ஜெனரேட்டர், நடுவில் இரண்டும் இல்லாத நிலை. ஒன்றை விட்ட பிறகே இன்னொன்றைத் தொடும்படி உள்ளே இயந்திர அமைப்பு இருப்பதால், யார் அவசரப்பட்டாலும் இரண்டும் ஒன்றுசேராது. இதை வாங்காமல் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, இரு முனையிலும் பிளக் வைத்த ஒயரை ஏதாவது சாக்கெட்டில் செருகும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. மெயினை இறக்க ஒருநாள் மறந்தால் என்ன ஆகும் என்பதை விரிவாகவே சொல்ல வேண்டும். தெருமுனை டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டை நம் வீட்டு அளவுக்குக் குறைக்கிறது. அதே டிரான்ஸ்பார்மருக்கு நம் பக்கத்திலிருந்து மின்சாரம் கொடுத்தால், அது மறுபக்கத்தில் 11,000 வோல்ட்டாக ஏற்றிவிடும். மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய லைன்மேனின் கையில் அந்தக் கம்பி இருக்கும். ஜெனரேட்டர் அந்தச் சுமையில் திணறி நின்றுவிடும் என்று சிலர் வாதாடுவார்கள். நிற்பதற்கு எடுக்கும் ஓரிரு நொடியே ஓர் உயிருக்குப் போதுமானது. பியூஸ் பிடுங்கிய லைனில் அது நிற்காமலும் ஓடும்.

சுவிட்ச் பேஸ் கம்பியோடு நியூட்ரலையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒற்றை பேஸ் இணைப்புக்கு இரண்டு முனை, மூன்று பேஸ் இணைப்புக்கு நான்கு முனை என்று கேட்டு வாங்க வேண்டும். எங்கள் இடத்தில் கடைக்கும் மாடிக்கும் தனித்தனி மீட்டர்கள், இரண்டும் ஒற்றை பேஸ். ஒரே ஜெனரேட்டர் என்பதற்காக ஒரே சேஞ்ச்ஓவரில் இரண்டையும் சேர்த்தால், ஒரு மீட்டரின் நியூட்ரலும் இன்னொன்றின் நியூட்ரலும் கலந்து, மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. காரணம் தெரியாமல் விழுந்துகொண்டே இருக்கும், மீட்டர் கணக்கும் கெடும். ஆகவே 63 ஆம்பியர் இரண்டுமுனை சுவிட்ச் இரண்டு வைத்து, ஜெனரேட்டரின் கேபிளை இரண்டுக்கும் பிரித்துக் கொடுத்தோம். இந்த செட்டின் முழு மின்னோட்டம் 33 ஆம்பியருக்குள்தான். ஆனால் சுவிட்ச் இரு பக்க மின்சாரத்தில் எது பெரிதோ அதைத் தாங்க வேண்டும்.

மூன்று பேஸ் இணைப்புள்ள வீட்டில் ஒற்றை பேஸ் ஜெனரேட்டரை இணைக்கும்போது, ஜெனரேட்டர் பக்கத்து மூன்று முனைகளையும் ஒரு கம்பியால் ஒன்றாக்குவது வழக்கம். விளக்குக்கும் விசிறிக்கும் இது வேலை செய்யும். ஆனால் மூன்று பேஸ் மோட்டார் ஏதேனும் அந்த இணைப்பில் இருந்தால் மூன்று முனையிலும் ஒரே பேஸ் என்பதால் அது ஓடவே ஓடாது, அதைத் தனியே பிரித்துவைக்க வேண்டும். நியூட்ரலும் கவனத்துக்குரியது. மின்வாரிய மூன்று பேஸில் நியூட்ரலுக்குத் திரும்பும் மின்னோட்டங்கள் பெருமளவு ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும், ஒற்றை பேஸில் அவை கூடும். மெல்லிய நியூட்ரல் கம்பி சூடேறுவது அங்கேதான். மாடியில் சோலார் வைத்து மின்வாரியத்தோடு இணைத்திருப்பவர்கள், சோலாரின் இணைப்பு சேஞ்ச்ஓவருக்கு மின்வாரியப் பக்கத்தில் இருக்கிறதா என்று உறுதிசெய்ய வேண்டும். வீட்டுப் பக்கத்தில் இருந்தால் அது ஜெனரேட்டரை மின்வாரியம் என்று எண்ணி, அதற்குள்ளேயே மின்சாரத்தைத் தள்ளும்.

எர்த்தில் ஒரு நுட்பம் பலருக்குத் தெரிவதில்லை. செட்டின் உடலுக்கு இரண்டு இடங்களில் எர்த் கொடுப்பதோடு, நியூட்ரலையும் தனிக் குழிவழியே எர்த் செய்ய வேண்டும். பல சிறிய செட்டுகள் நியூட்ரல் எர்த் ஆகாமலேயே தொழிற்சாலையிலிருந்து வருகின்றன. அப்படியே விட்டால், பிரீசரின் உடலில் கசிவு ஏற்பட்டாலும் மின்னோட்டம் திரும்பிச் செல்ல வழி இல்லாததால் ஆர்.சி.சி.பி. விழாது. அதில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால் மட்டும் விழும். ஏனெனில் அந்தப் பொத்தான் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவேதான் சோதிக்கிறது, எர்த்தைத் தொடுவதே இல்லை. ஆகவே ஜெனரேட்டர் ஓடும்போது ஒரு சாக்கெட்டில் ஆர்.சி.சி.பி. சோதனைக் கருவியைச் செருகி, எர்த் வழியே கசிவு உண்டாக்கி விழவைத்துக் காட்டும்படி மின் பணியாளரிடம் கேளுங்கள். கூடவே, மின்வெட்டில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது சேஞ்ச்ஓவரின் மின்வாரிய முனைகளில் மீட்டர் வைத்து வோல்டேஜ் பூஜ்யம் என்பதையும் பார்த்துவிட வேண்டும். கரிசல் மண் கோடையில் சுருங்கி எர்த் கம்பியைச் சுற்றி இடைவெளி விடும் என்பதால், பங்குனி, சித்திரையில் குழிக்கு வாரம் இருமுறை தண்ணீர் ஊற்றுவது இங்கே அவசியம்.

சத்தத்தைப் பற்றிச் சொல்லக் கொஞ்சமே இருக்கிறது, ஏனெனில் பாதி வேலையைச் சட்டமே முடித்துவிட்டது. கூட்டின் பரப்பிலிருந்து 1 மீட்டர் தொலைவில் 75 டெசிபலைத் தாண்டாத செட்டுகளையே விற்கலாம். திறந்த வெளியில் தொலைவு இரட்டிக்கும்போதெல்லாம் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும், ஆக 8 மீட்டரில் அது 57 ஆகும். குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 மணிக்கு மேல் விதித்த வரம்பு 45 டெசிபல் என்பதோடு ஒப்பிட்டால், நள்ளிரவில் அது இன்னும் அதிகம்தான். சுவர்கள் சூழ்ந்த முடுக்கில் ஒலி எதிரொலித்து இவ்வளவுகூடக் குறையாது. சூடு போகவில்லை என்று கூட்டின் கதவைத் திறந்துவைத்து ஓட்டுபவர்கள் இந்த ஏற்பாடு முழுவதையும் வீணாக்குகிறார்கள். கதவைத் திறக்கவேண்டிய நிலை வந்தால் காற்றோட்டத்தில்தான் கோளாறு.

எங்கள் கடையில் எல்லாம் முடிந்து ஓட்டிப் பார்த்த முதல் இரவே, பக்கத்து வீட்டு ஆச்சி கட்டில் அதிர்வதாகச் சொன்னார். கொல்லையில் நின்று கேட்டால் சத்தம் மிதமாகத்தான் இருந்தது. புகைக்குழாய்க்குத் தாங்கல் வேண்டும் என்று வெல்டர் ஒரே ஓர் இடத்தில் பொதுச்சுவரில் துளையிட்டு இரும்புக் கிளாம்பு அடித்திருந்தார், குழாயின் துடிப்பு அதன் வழியே ஆச்சியின் அறைச் சுவருக்குள் போய்க்கொண்டிருந்தது. கிளாம்பைக் கழற்றி, துளையை அடைத்து, கடையின் சொந்தச் சுவரிலிருந்து ஸ்பிரிங் வைத்த தொங்குதாங்கி இரண்டில் குழாயைப் பிடித்தோம். மறுநாள் இரவு செட்டை ஓட்டியபடியே ஆச்சியை அவர் கட்டிலில் உட்காரச் சொல்லிக் கேட்டபோது, "ஆரம்பிச்சிட்டியளா?" என்றார்.